அடையாளத்தை மட்டும் நம்பிய திருட்டு வழக்கில் எதிரி தரப்புத் தொகுப்புரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த வழக்கை வைத்துச் சொல்கிறீர்கள்?

உண்மையில் நடந்த ஒரு வழக்கு இல்லை. திருகோணமலை நீதவான் நீதிமன்றத்துக்கு இப்படியான வழக்குகள் எந்த உருவத்தில் வருமோ அந்த உருவத்தில் நான் கட்டிக்கொண்டது. ஆட்களும் சம்பவமும் கற்பனை, சட்டம் உண்மை. சாட்சியம் எல்லாம் முடிந்த பிறகு, குற்றம் சாட்டப்பட்டவரான எதிரிக்காகச் சட்டத்தரணி மன்றில் பேசும் கடைசிப் பேச்சுத்தான் தொகுப்புரை.

நவம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை, மாலை 6.40. உப்புவெளியில் நிலாவெளி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கை. டியூசன் வகுப்பு முடித்து ஸ்கூட்டரில் வரும் ஒரு ஆசிரியை, மழைத் தண்ணீர் தேங்கி நின்ற இடத்தில் வேகத்தைக் குறைக்கிறார். பின்னால் வந்த மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர். ஓட்டியவர் தலையில் ஹெல்மெட், பின்னால் இருந்தவரிடம் இல்லை. ஸ்கூட்டரின் முன்கொக்கியில் தொங்கிய கைப்பையைப் பின்னால் இருந்தவர் கழற்றிக்கொள்கிறார், சைக்கிள் பறக்கிறது. பைக்குள் போன், 18,000 ரூபாய், அடையாள அட்டை. யாரையும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை, ஆகவே இது கொள்ளை அல்ல, தண்டனைச் சட்டக்கோவை 366ஆம் பிரிவில் வரும் சாதாரணத் திருட்டு. 367இன்படி மூன்று வருடம் வரை சிறை, அல்லது குற்றப்பணம், அல்லது இரண்டும்.

நாலாம் நாள் ‘கிடைத்த தகவலின் பேரில்’ ஒருவரைப் பிடிக்கிறார்கள். பிறகு, பலரை வரிசையில் நிறுத்தி ஆளைக் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பு நடக்கிறது, ஆசிரியை அவரைக் காட்டுகிறார். சம்பவம் நடந்து இருபது மாதம் கழித்து, மன்றில் சாட்சிகளை விசாரிக்கும் விளக்கத்தில், எதிரிக்கூண்டைக் கைகாட்டி ‘இவர்தான்’ என்கிறார். பை கிடைக்கவில்லை, போன் கிடைக்கவில்லை, சைக்கிளும் கிடைக்கவில்லை. வழக்கில் இருப்பது அந்த ஒரு விரல் மட்டும்தான்.

அந்த அம்மா பொய் சொல்கிறார் என்று நிரூபித்தால் போதும்தானே?

அதைத்தான் எதிரியின் வீட்டுக்காரர் எல்லோரும் கேட்பார்கள். செய்யவே கூடாத வேலை அது. ஆசிரியைக்கு எதிரியை முன்பின் தெரியாது, அவர் மேல் பகை கிடையாது, பை பறிபோனதும் உண்மை. அப்படிப்பட்டவரைப் பொய்க்காரி என்று சொன்ன அந்த நிமிடமே நீதவான் மனத்தில் ஒரு கேள்வி எழும்: இவர் ஏன் பொய் சொல்ல வேண்டும்? அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. பதில் இல்லாத கேள்வியை நீங்களே கிளப்பிவிட்டு உட்காருவீர்கள்.

அடையாள வழக்கில் ஆபத்தே வேறு இடத்தில் இருக்கிறது. நேர்மையான சாட்சி, முழு நம்பிக்கையோடு, தவறான ஆளைக் காட்டிவிடுவார். குறுக்கு விசாரணையில் அவர் தடுமாறவும் மாட்டார், ஏனென்றால் அவர் சொல்வதை அவரே நம்புகிறார். இங்கிலாந்தில் அடொல்ப் பெக் என்பவரை 1896இல் பெண்கள் பலர் வரிசையாக வந்து ‘எங்களை ஏமாற்றி நகையை வாங்கிக்கொண்டு போனவர் இவர்தான்’ என்று அடையாளம் காட்டினார்கள். சிறைக்குப் போய் வந்தார். 1904இல் அதே மாதிரி இன்னொரு குற்றச்சாட்டு, திரும்பவும் அடையாளம் காட்டினார்கள், திரும்பவும் குற்றவாளி ஆனார். தண்டனை சொல்லும் முன்னர் உண்மையான ஆள் வேறொரு இடத்தில் அகப்பட்டார். அத்தனை பெண்களில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. 1907இல் அங்கே குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வந்ததற்கு இந்த வழக்கு ஒரு முக்கியமான காரணம்.

ஆகவே தொகுப்புரையின் முதல் இரண்டு வாக்கியத்திலேயே விட்டுக்கொடுத்துவிடுங்கள். திருட்டு நடந்தது. முறைப்பாட்டாளர் நேர்மையானவர். பிரச்சினை ஒன்றே ஒன்று: யார்? இவ்வளவையும் தாராளமாகக் கொடுத்துவிட்டால் மீதி நேரம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் நிற்கலாம்.

டேர்ன்புல், டேர்ன்புல் என்கிறார்களே, அது நம் நீதிமன்றத்தில் எடுபடுமா?

எடுபடும். அது இங்கிலாந்துத் தீர்ப்பு, 1976இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட குழாம் சொன்னது. இலங்கை மேல் நிலை நீதிமன்றங்களும் அடையாளச் சாட்சியத்தைப் பார்க்கும்போது அதன் வழியே போயிருக்கின்றன. எவ்வளவு நேரம் பார்த்தார், எவ்வளவு தூரத்தில், என்ன வெளிச்சத்தில், நடுவில் ஏதாவது மறைத்ததா, முன்பே தெரிந்த ஆளா, பார்த்ததற்கும் அடையாளம் காட்டியதற்கும் இடையில் எவ்வளவு காலம், முதலில் சொன்ன அங்க அடையாளம் எதிரியோடு ஒத்துப்போகிறதா என்று கேட்கச் சொல்கிறது. சாட்சியத்தின் தரம் மோசமாக இருந்து அதைத் தாங்க வேறு சாட்சியமும் இல்லையென்றால் வழக்கை ஜூரியிடமே விடக்கூடாது என்பது அதன் முடிவு.

அங்கே ஜூரிக்கு நீதிபதி எச்சரிக்கை சொல்வார். நம் நீதவான் நீதிமன்றத்தில் ஜூரி இல்லை, நீதவான் தனக்குத் தானே அந்த எச்சரிக்கையைச் சொல்லிக்கொள்ள வேண்டும். அதைச் சொல்லிக்கொண்டார் என்பது தீர்ப்பில் தெரிய வேண்டும் என்று தொகுப்புரையில் மரியாதையாகக் கேளுங்கள். ஆனால் வழக்கின் பெயரைச் சொல்லிவிட்டு அந்தப் பட்டியலை மனப்பாடமாக ஒப்பிக்கிற இளம் சட்டத்தரணிகளைப் பார்த்திருக்கிறேன். நீதவானுக்கு அந்தப் பட்டியல் உங்களைவிட நன்றாகத் தெரியும். உங்கள் வழக்கின் ஒழுங்கையும் மழையும் தாடியும்தான் அவருக்குத் தெரியாது.

பார்த்த நேரத்தையும் வெளிச்சத்தையும் எப்படிப் பேசுவது?

சாட்சி சொன்ன சொல்லாலேயே. நவம்பரில் இந்தக் கரையில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும், 6.40 என்றால் நல்ல இருட்டு. ஆனால் அதை நீங்கள் சட்டத்தரணி மேசையில் நின்று சொன்னால் அது சாட்சியம் ஆகாது. குறுக்கு விசாரணையிலேயே கேட்டிருக்க வேண்டும்: ஸ்கூட்டர் லைற் எரிந்ததா? எரிந்தது. ஏன்? இருட்டிவிட்டது. தெரு விளக்கு? ஒழுங்கை வாயில் ஒன்று, அங்கிருந்து முப்பது மீற்றர் இருக்கும். உங்கள் ஹெல்மெட் கண்ணாடி இறக்கியிருந்ததா? ஆம், தூறல். கண்ணாடியில் தண்ணீர் இருந்ததா? இருந்திருக்கும்.

அடுத்தது முகம். பையைக் கழற்றும்போது ஆள் பக்கத்தில்தான் இருந்தார், கையெட்டும் தூரம். வழக்குத்தொடுநர் இதைத்தான் பிடித்துக்கொள்வார், இவ்வளவு கிட்ட பார்த்தாரே என்று. ஆனால் அந்த நேரம் ஆசிரியையின் கண் எங்கே? சைக்கிள் உரசுகிறது, முன்னால் தண்ணீர்க் குழி, பை போகிறது. அவரே சொன்னார்: ‘பையைத்தான் பார்த்தேன், பிறகு நிமிர்ந்தேன், அவர் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.’ நிமிரும்போது சைக்கிள் பத்து மீற்றர் போய்விட்டது. திரும்பிய முகம் ஸ்கூட்டர் லைற்றில் இரண்டு மூன்று விநாடி. கிட்ட இருந்தபோது முகத்தைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தபோது கிட்ட இல்லை. அவ்வளவுதான் நீங்கள் சொல்ல வேண்டியது, அதற்கு மேல் உருட்டாதீர்கள்.

முதல் முறைப்பாட்டில் சொல்லாமல் விட்டது அவ்வளவு பெரிய விஷயமா? பயத்தில் யாருக்குத்தான் எல்லாம் ஞாபகம் வரும்?

எது விடுபட்டது என்பதைப் பொறுத்தது. நிறம், உயரம் விடுபட்டால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். இந்த வழக்கில் விடுபட்டது தாடி.

சம்பவம் நடந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆசிரியை பொலிஸில் சொன்னது: ‘25 வயது மதிக்கத்தக்க, ஒல்லியான, கறுப்பு டீசேர்ட் போட்ட ஒருவர்.’ நாலு நாள் கழித்துப் பிடிபட்டவருக்கு வயது 34. அவரைக் கைது செய்த உத்தியோகத்தர் தன் குறிப்பிலேயே ‘அடர்ந்த தாடி, இடது புருவத்துக்கு மேல் பழைய வெட்டுத் தழும்பு’ என்று எழுதி வைத்திருக்கிறார். நாலு நாளில் அடர்ந்த தாடி வளராது. அப்படியென்றால் சம்பவ நாளிலும் இவருக்குத் தாடி இருந்தது. பத்து மீற்றரில் மூன்று விநாடி பார்த்தவருக்குத் தழும்பு தெரியாமல் போகலாம், விட்டுவிடுவோம். தாடி தெரியாமல் போகுமா? முகத்தை அடையாளம் வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பார்த்தவருக்கு முகத்தில் பாதியை மூடிய தாடி தெரியவில்லை என்றால், ஒன்று அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தது வேறு முகம். இரண்டில் எது சரி என்று நாம் தெரிவு செய்ய வேண்டியதில்லை. இரண்டிலும் எதிரி விடுதலை.

வழக்கின் முதுகெலும்பு இதுதான், தொகுப்புரையில் பாதி நேரம் இதற்குப் போனாலும் நஷ்டமில்லை.

ஒரு சின்னச் சட்ட நுட்பம். பொலிஸுக்குச் சொன்ன வாக்குமூலத்தைச் சாட்சியமாக அப்படியே பயன்படுத்த முடியாது, சாட்சி மன்றில் சொல்வதோடு முரண்படுகிறது என்று காட்டத்தான் பயன்படுத்தலாம். ஆசிரியை மன்றில் ‘தாடி வைத்தவர்’ என்று சொல்லி, முறைப்பாட்டில் தாடியைப் பற்றி ஒன்றுமே இல்லையென்றால் அது முரண்பாடு அல்ல, விடுபாடு. முரண்பாட்டைப் போல் குறியிட்டு அடையாளப்படுத்த முடியாது. முறைப்பாடுகளைப் பதியும் பொலிஸ் தகவல் புத்தகத்தைப் பார்த்து அப்படி ஒரு கூற்று இல்லை என்பதை மன்றின் கவனத்துக்குக் கொண்டுவந்து பதியச் செய்ய வேண்டும். அதை விளக்கத்தின்போது செய்யாமல் விட்டால் தொகுப்புரையில் எவ்வளவு அழகாகப் பேசினாலும் பதிவேட்டில் ஒன்றும் இராது.

வழக்குத்தொடுநர் என்ன பதில் சொல்வார் என்பதையும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள். நம் பக்கத்தில் தமிழ்ச் சாட்சி சொல்வதைச் சிங்களத்தில் எழுதுகிற உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், ‘அவர் சொன்னார், எழுதியவர் விட்டுவிட்டார்’ என்ற வாதம் வரும். வந்தால் கேளுங்கள்: வயதை எழுதியவர், உடல்வாகை எழுதியவர், டீசேர்ட்டின் நிறத்தை எழுதியவர், தாடியை மட்டும் விட்டாரா? எழுதிய அந்த உத்தியோகத்தர் சாட்சிக்கூண்டுக்கு வந்தபோது அப்படிச் சொன்னாரா?

அணிவகுப்பில் ஒரு தயக்கமும் இல்லாமல் காட்டினாரே, அதை எப்படிச் சமாளிப்பது?

அணிவகுப்புக்கு முன்னால் என்ன நடந்தது என்று பார்த்துத்தான்.

குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 124ஆம் பிரிவு நீதவானுக்கு அணிவகுப்பு நடத்த அதிகாரம் கொடுக்கிறது. சந்தேகநபரை முகத்தை மூடித்தான் மன்றுக்குக் கொண்டுவருவார்கள், சாட்சி முன்கூட்டிப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. அந்தத் துணிக்கு அர்த்தம் இருப்பது அதற்கு முன் சாட்சி பார்க்காதவரைக்கும்தான்.

இந்த வழக்கில் கைதுக் குறிப்பின்படி எதிரியைக் காலை 9.15க்குப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். 24 மணி நேரத்துக்குள் முற்படுத்த வேண்டும், பிற்பகல் மன்றுக்குக் கொண்டுபோனார்கள். ஆசிரியையின் இரண்டாவது வாக்குமூலம் எப்போது பதியப்பட்டது? அதே நாள், அதே பொலிஸ் நிலையம், 11.30. எதற்காக அன்றைக்கு, அந்த நேரத்தில் அவரைக் கூப்பிட்டார்கள்? குறுக்கு விசாரணையில் ஆசிரியை ஒளிக்காமல் சொன்னார்: ‘ஆளைப் பிடித்துவிட்டோம் என்று போன் பண்ணினார்கள். போனேன். வாங்கில் ஒருவர் இருந்தார், பக்கத்தில் பொலிஸ்காரர் நின்றார்.’ இவர்தானா என்று கேட்டார்களா? ‘கேட்கவில்லை, ஆனால் எனக்கு விளங்கியது.’

இந்தக் கடைசி வரியைத் தொகுப்புரையில் அப்படியே படித்துக் காட்டுங்கள். அதைவிட நன்றாக உங்களால் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு நடந்த அணிவகுப்பு எதைச் சோதித்தது? ஒழுங்கையில் பார்த்த முகத்தையா, வாங்கில் பார்த்த முகத்தையா? சாட்சிக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. மூன்று விநாடி இருட்டில் பார்த்த முகத்தின் மேல், பகல் வெளிச்சத்தில் ‘திருடன்’ என்ற எண்ணத்தோடு பார்த்த முகம் ஏறி உட்கார்ந்துவிட்டது. தயக்கமில்லாமல் காட்டினார் என்பது இப்போது நமக்கு எதிரான சாட்சியமே இல்லை, வாங்கில் நன்றாகப் பார்த்தார் என்பதற்கான சாட்சியம்.

அணிவகுப்பின் அமைப்பும் பார்க்க வேண்டியது. வரிசையில் பத்துப் பேர், தாடி வைத்தவர்கள் இரண்டே இரண்டு பேர், புருவத்தின் மேல் தழும்பு உள்ளவர் எதிரி ஒருவர் மட்டும். ஒழுங்காகச் செய்திருந்தால் எல்லோர் முகத்திலும் அதே இடத்தில் ஒரு பிளாஸ்டரை ஒட்டியிருப்பார்கள். எதிரியின் சட்டத்தரணி அன்றைக்கே இரண்டு ஆட்சேபனையும் சொல்லி, ‘பொலிஸ் நிலையத்தில் சாட்சிக்குக் காட்டப்பட்டேன்’ என்ற எதிரியின் கூற்றையும் அணிவகுப்புக் குறிப்பில் பதியவைத்திருந்தால் தொகுப்புரை பாதி எழுதி முடிந்த மாதிரி. இருபது மாதம் கழித்து முதன்முதலாக இதைச் சொன்னால், சோடித்தது என்பார்கள்.

மன்றில் கூண்டைக் காட்டி ‘இவர்தான்’ என்றாரே?

கூண்டுக்குள் நிற்பவர் ஒரே ஒருவர். வேறு யாரைக் காட்டுவார்? சட்டப்படி மன்றில் சொல்வதுதான் பிரதான சாட்சியம், அணிவகுப்பு அதை உறுதிப்படுத்த மட்டும் வருவது. ஆனால் முன் அறிமுகம் இல்லாத ஒருவரை முதன்முதலாகக் கூண்டில் வைத்துக் காட்டுவதற்கு எடை மிகக் குறைவு. இங்கே அணிவகுப்பு கறைபட்டுவிட்டதால் கூண்டு அடையாளம் தனியே நிற்க வேண்டிவருகிறது, தனியே அதற்குக் காலில்லை.

சாட்சி இவ்வளவு உறுதியாக இருக்கிறாரே, அந்த உறுதிக்கு மதிப்பு இல்லையா?

உறுதி எப்போது வந்தது என்று கேளுங்கள். 1998இல் அமெரிக்காவில் வெல்ஸ், பிரட்பீல்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பாதுகாப்புக் கெமராப் படம் ஒன்றைக் காட்டி, உண்மையான ஆள் இல்லாத படவரிசையிலிருந்து ஒருவரைத் தெரிவுசெய்யச் சொன்னார்கள். தெரிவுசெய்தவர்களில் சிலரிடம் ‘நல்லது, சந்தேகநபரைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்’ என்று மட்டும் சொன்னார்கள். அவர்கள் எல்லோருமே தவறான ஆளைத்தான் தெரிவுசெய்திருந்தார்கள், ஆனால் அந்த ஒரு வரியைக் கேட்டவர்கள் தாங்கள் அப்போதே உறுதியாக இருந்ததாகவும் முகத்தை நன்றாகப் பார்த்ததாகவும் சொன்னார்கள்.

இதைத் தொகுப்புரையில் ஆதாரமாக வைக்க முடியாது, நிபுணர் சாட்சி யாரும் வரவில்லை. உங்களுக்காகத் தெரிந்து வைத்திருங்கள். மன்றில் சாட்சியத்தை வைத்தே பேசலாம்: முறைப்பாட்டில் ஆசிரியை ‘கண்டால் ஒருவேளை அடையாளம் காட்டலாம்’ என்றார். மன்றில் ‘எந்தச் சந்தேகமும் இல்லை, நூறு வீதம்’ என்றார். அந்த இரண்டுக்கும் நடுவில் நடந்தது வாங்கு ஒன்றுதான். இங்கே ‘ஒருவேளை’ என்பதும் ‘நூறு வீதம்’ என்பதும் முரண்பாடாகக் குறியிடப்பட்டிருக்க வேண்டும்.

பொலிஸ் கூப்பிடாத சாட்சிகளைப் பற்றிப் பேசலாமா?

பேசலாம், அளவாக. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, ஒரு விடயத்தை நிரூபிக்க இத்தனை சாட்சி வேண்டும் என்று எதுவும் கேட்கவில்லை. ஆகவே ‘ஒரே சாட்சிதான்’ என்று மட்டும் சொன்னால் நீதவான் அந்தப் பிரிவை உங்களுக்கு ஞாபகப்படுத்துவார். 114ஆம் பிரிவின் எப் எடுத்துக்காட்டு, கொண்டுவரக்கூடிய சாட்சியத்தைக் கொண்டுவராவிட்டால் அது கொண்டுவராதவருக்குப் பாதகமாக இருந்திருக்கும் என்று மன்று ஊகிக்கலாம் என்கிறது. ஊகிக்கலாம் என்பதுதான், கட்டாயம் இல்லை.

இங்கே பேசத் தகுந்தது இரண்டு. ஒழுங்கை வாயிலில் கடை வைத்திருப்பவரிடம் பொலிஸ் வாக்குமூலம் எடுத்தது, அவரைக் கூப்பிடவில்லை. போனின் ஐஎம்ஈஐ இலக்கத்தை ஆசிரியை கொடுத்தார், அதை வைத்துத் தேடியதாக விசாரணை உத்தியோகத்தரும் ஒத்துக்கொண்டார், அறிக்கை மன்றுக்கு வரவில்லை. வந்திருந்தால் அது எதிரியைக் காட்டியிருக்கும் என்றால் பொலிஸ் அதை விட்டு வைத்திருக்குமா? இரண்டு வரி போதும். ‘கைரேகை எடுக்கவில்லை, சிசிடிவி பார்க்கவில்லை, கிராம அலுவலரைக் கேட்கவில்லை’ என்று பத்தை அடுக்கினால் தாடி அதற்குள் மறைந்துபோகும்.

எதிரி அன்றைக்குக் கிண்ணியாவில் தங்கை வீட்டில் இருந்ததாகச் சொன்னார், தங்கையின் சாட்சியம் சரியாக எடுபடவில்லை. என்ன செய்வது?

ஒளிக்காதீர்கள், ஆனால் அதைத் தூணாகவும் வைக்காதீர்கள். வேறிடத்தில் இருந்ததை எதிரி நிரூபிக்க வேண்டியதில்லை, அது ஒரு நியாயமான சந்தேகத்தை உண்டாக்கினாலே போதும். நம்பப்படாமல் போனாலும் வழக்குத்தொடுநரின் வழக்கில் இருக்கும் ஓட்டை அதனால் அடைபடாது. குற்றமற்றவர்களும் பயத்தில் பொய்யான அலிபை சொல்வதுண்டு என்பதை டேர்ன்புல் தீர்ப்பே எச்சரிக்கிறது. இப்படிச் சொல்லலாம்: ‘தங்கையின் சாட்சியத்தை மன்று முழுவதுமாக ஒதுக்கிவிட்டாலும், மிஞ்சுவது தாடியில்லாத 25 வயதுக்காரனைப் பற்றிய முறைப்பாடுதான்.’

தொகுப்புரையின் ஒரு பகுதியை எழுதிக் காட்டுங்களேன்.

சரி. தொடக்கப் பகுதி இப்படி இருக்கலாம், அப்படியே நகலெடுக்காதீர்கள்:

‘கௌரவ நீதவான் அவர்களே, முறைப்பாட்டாளரின் பை திருடப்பட்டது. அவர் மன்றுக்கு நேர்மையாகச் சாட்சியமளித்தார். எதிரி தரப்பு இவை இரண்டையும் ஏற்றுக்கொள்கிறது. அவருடைய நேர்மையிலேயே தங்கியும் நிற்கிறது. முகத்தைப் பார்த்தது இரண்டு மூன்று விநாடி என்று அவரே சொன்னார். தூறல் என்று அவரே சொன்னார். அன்றிரவு, ஞாபகம் பச்சையாக இருந்தபோது, 25 வயது, ஒல்லி, கறுப்பு டீசேர்ட் என்று சொன்னார். தாடி என்று சொல்லவில்லை. கூண்டில் நிற்பவருக்கு 34 வயது கடந்துவிட்டது. கைது செய்த அன்று அவருக்கு அடர்ந்த தாடி இருந்தது என்று பொலிஸாரின் குறிப்பு சொல்கிறது. இந்தத் தாடி முறைப்பாட்டாளரின் சாட்சியத்துக்குள் எப்போது வந்தது? பொலிஸ் நிலைய வாங்குக்குப் பிறகு. அதற்கு முன்னர் எந்த ஆவணத்திலும் அது இல்லை. அவர் இன்று காட்டுவது ஒழுங்கையில் கண்ட முகத்தையா, நிலையத்தில் கண்ட முகத்தையா என்ற கேள்விக்கு வழக்குத்தொடுநர் தரப்பிடம் விடையில்லை. விடையில்லாத இடத்தில் நியாயமான சந்தேகம் இருக்கிறது.’

படித்துப் பார்த்தால் மூன்று நிமிடம்கூட ஆகாது. நல்லது. வெளி விறாந்தையில் அடுத்த வழக்குக்கு ஆட்கள் காத்துக்கொண்டிருப்பார்கள், நீதவானும் அதை மறக்கவில்லை.

என்ன சொல்லவே கூடாது?

‘என் கட்சிக்காரர் அப்பாவி என்று நான் நம்புகிறேன்’ என்பது. உங்கள் நம்பிக்கை சாட்சியம் இல்லை. பதிவேட்டில் இல்லாத ஒன்றையும் சொல்லக் கூடாது, அது உண்மையாகவே இருந்தாலும். சாட்சியிடம் கேட்காததைத் தொகுப்புரையில் குற்றமாகச் சுமத்தவும் கூடாது: பொலிஸ் வேண்டுமென்றே எதிரியைச் சாட்சிக்குக் காட்டியது என்று சொல்ல நினைத்தால், விசாரணை உத்தியோகத்தரிடம் அதை நேரே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லையென்றால் ‘காட்டப்பட்டது’ என்ற அளவில் நிறுத்துங்கள், வேண்டுமென்றோ கவனக்குறைவாகவோ, விளைவு ஒன்றுதான்.

எந்த வழக்கில் இந்த வாதம் தோற்கும்?

சாட்சிக்கு எதிரியை ஏற்கெனவே தெரியும் என்றால் பெரும்பாலும் தோற்கும். ஒரே ஒழுங்கையில் தினமும் பார்க்கிறவரை மூன்று விநாடியில் கண்டுகொள்ளலாம். தெரிந்தவரிலும் பிழை வரும்தான், ஆனால் வாதத்தின் பலம் போய்விடும்.

திருட்டுப் பொருள் எதிரியிடம் கிடைத்திருந்தாலும் அப்படியே. சம்பவம் நடந்து கொஞ்ச நாளில் அந்தப் போன் அவரிடம் இருந்து, அவர் விளக்கமும் சொல்லவில்லையென்றால், 114ஆம் பிரிவின் ஏ எடுத்துக்காட்டு அவரைத் திருடன் என்றோ திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வைத்திருந்தவர் என்றோ ஊகிக்க இடம் கொடுக்கிறது. அவர் சொன்ன தகவலின் பேரில் பை கண்டெடுக்கப்பட்டிருந்தால், அந்தத் தகவலைச் சாட்சியமாக ஏற்க இடம் கொடுக்கும் 27ஆம் பிரிவு வரும். அப்போது பலவீனமான அடையாளத்தைத் தாங்க ஒரு கால் கிடைத்துவிடுகிறது, நீங்கள் தாடியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினாலும் நீதவான் போனையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வழக்கில் தொகுப்புரை முகத்தில் அல்ல, பொருள் எப்படிக் கைக்கு வந்தது என்பதில் தொடங்க வேண்டும்.

வாய்மொழியாகச் சொன்னால் போதுமா, எழுத்திலும் கொடுக்க வேண்டுமா?

மன்று அனுமதித்தால் எழுத்திலும் கொடுங்கள், மூன்று நாலு பக்கத்துக்கு மேல் போகாமல். ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் சாட்சியப் பதிவின் திகதியும் பக்க இலக்கமும் இருக்கட்டும். காரணம் இது: குற்றவாளி என்று தீர்ப்பு வந்தால் மேன்முறையீட்டு மனுவைப் பதினான்கு நாளுக்குள் போட வேண்டும், அது மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே இருக்கும் நீதிபதி ஆசிரியையையும் பார்த்திருக்க மாட்டார், எதிரியின் தாடியையும் பார்த்திருக்க மாட்டார், அவர் கையில் இருப்பது பதிவேடு மட்டும். முதல் முறைப்பாட்டில் தாடி இல்லை என்ற விடயம் நீதவான் முன் எடுத்துச் சொல்லப்பட்டதா, தீர்ப்பு அதற்குப் பதில் சொன்னதா என்பதை அவர் உங்கள் எழுத்து மூலச் சமர்ப்பணத்தையும் தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார். தீர்ப்பு அதைப் பற்றி மௌனமாக இருந்தால் மேன்முறையீட்டின் முதல் காரணமாக அதையே எழுதுங்கள்.